அடக்கவிலைக்குக் கீழே கேட்கப்படும் ஆர்டர்: எந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பது

வழக்கமான வாடிக்கையாளர் அல்லாத ஒருவர், வழக்கமான விற்பனை விலைக்குக் குறைவான விலையில், ஒரே தடவையாக ஒரு குறிப்பிட்ட அளவுச் சரக்கைக் கேட்பதைச் சிறப்பு ஆர்டர் என்று செலவுக் கணக்கியல் குறிப்பிடுகிறது. கேட்கப்படும் விலை நிறுவனத்தின் அடக்கவிலைக்கு மேலே இருந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. லாபம் சற்றுக் குறையும், அவ்வளவே. கேட்கப்படும் விலை அடக்கவிலைக்கும் கீழே இருக்கும்போதுதான், ஏற்றால் நஷ்டம் என்று ஒரு தரப்பும், சும்மா கிடக்கும் மெஷினை ஓட்டினால் வந்தவரை லாபம் என்று மறு தரப்பும் வாதிடத் தொடங்குகின்றன. இரண்டு தரப்பும் ஒரே அடக்கக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டே வாதிடுகின்றன என்பதும், அந்தத் தாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத் தயாரிக்கப்பட்டதன்று என்பதும் இந்த அத்தியாயத்தின் தொடக்கப்புள்ளி.

விளக்கத்துக்குத் திருப்பூரில் டி-ஷர்ட் தைக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். கீழே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. உண்மையில் நூல் விலையும் டையிங் கட்டணமும் கூலியும் அடிக்கடி மாறுபவை என்பதால், நடைமுறையில் அன்றைய விலையையே இட்டுப் பார்க்க வேண்டும். வாங்குபவரிடம் வசூலித்துச் செலுத்தப்படும் ஜி.எஸ்.டி. இந்தக் கணக்கில் எங்கும் சேர்க்கப்படவில்லை. நிறுவனம் வழக்கமான வேலை நேரத்தில் மாதம் 40,000 பீஸ் தைக்கும் திறன் கொண்டது; அடுத்த மாதத்துக்குக் கையில் உள்ள ஆர்டர் 30,000 பீஸ்; வழக்கமான விலை பீஸுக்கு ₹180. அதன் அடக்கக் கணக்கு பின்வருமாறு அமைகிறது.

| செலவு | ஒரு பீஸுக்கு |
|---|---|
| துணி (கட்டிங் கழிவு உட்பட 200 கிராம், கிலோ ₹400) | ₹80 |
| தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பீஸ்ரேட் கூலி | ₹28 |
| தையல் நூல், லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி | ₹12 |
| மெஷின் ஓடுவதற்கான மின்சாரம், ஊசி முதலியன | ₹3 |
| மேற்செலவுப் பங்கு | ₹35 |
| விற்பனைக் கமிஷன் (விலையில் 5%) | ₹9 |
| மொத்தம் | ₹167 |

வெளிமாநில வியாபாரி ஒருவர் தம் நிறுவனச் சின்னத்தை அச்சிட்டு 8,000 பீஸ் வேண்டும் என்றும், பீஸுக்கு ₹145 தருவதாகவும் நேரடியாகக் கேட்கிறார். இடையில் ஏஜென்ட் இல்லாததால் கமிஷன் ₹9 இல்லை. எனினும் அடக்கம் ₹158 ஆகிறது. சின்னம் அச்சிடப் பீஸுக்கு ₹6 வேறு சேர்கிறது. ஸ்கிரீன் செய்ய ₹8,000, லாரி வாடகை ₹10,000 என்று தனிச் செலவுகளும் உண்டு. தாளின்படி பார்த்தால் பீஸுக்கு ₹19 வீதம் ₹1,52,000, அதனுடன் தனிச் செலவு ₹18,000, ஆக மொத்தம் ₹1,70,000 நஷ்டம் என்று விடை வருகிறது. பெரும்பாலான அலுவலகங்களில் பேச்சு இங்கேயே முடிந்து, ‘கட்டுப்படியாகாது’ என்ற பதில் போய்விடுகிறது.

ஏற்றால் மாறுவது எது?

ஒரு முடிவுக்குத் தொடர்புடைய செலவு என்பது இரண்டு நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும்: அது இனிமேல் நிகழப்போகும் செலவாக இருக்க வேண்டும், ஏற்பதற்கும் மறுப்பதற்கும் இடையே அதன் தொகை வேறுபட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் செலவு இந்த முடிவைப் பொறுத்தவரை தொடர்பற்றது. ஏற்கெனவே செலவாகிவிட்டதும், எந்த முடிவாலும் திரும்பப் பெற முடியாததுமான தொகையை மூழ்கிய செலவு என்பர். அது முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடுகிறது. இனிமேல் கொடுக்க வேண்டியதே ஆனாலும், ஆர்டரை ஏற்றாலும் மறுத்தாலும் அதே தொகையாக இருக்கும் செலவு, உதாரணமாக அடுத்த மாதக் கட்டட வாடகை, இரண்டாவது நிபந்தனையில் விழுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதிப் பேசும் வழக்கம் உண்டு என்றாலும், வாடகை இன்னும் மூழ்கவில்லை; அது மாறாதது மட்டுமே. கட்டடத்தையே காலி செய்வதா என்ற வேறொரு முடிவு எழும்போது அதே வாடகை தொடர்புடையதாகிவிடும் என்பதால் இந்த வேறுபாட்டை மனத்தில் வைப்பது நல்லது.

தாளில் உள்ள ₹35 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிக்கல் அவிழ்கிறது. வாடகை, மேலாளர் முதல் கட்டிங் மாஸ்டர் வரையிலான மாதச் சம்பளம், மெஷின் தேய்மானம், அலுவலகச் செலவு எல்லாம் சேர்ந்து மாதம் ₹10,50,000. அதை 30,000 பீஸால் வகுத்ததால் ₹35. ஆர்டரை ஏற்று 38,000 பீஸ் தைத்தால் அதே ₹10,50,000 பீஸுக்கு ₹27.63 ஆகக் குறையும். முடிவுக்கு ஏற்ப மாறும் ஒரு வகுத்தல் விடையை முன்கூட்டியே நிலையானதாகக் கொண்டு, அதை வைத்தே முடிவெடுப்பதுதான் இங்கு நடக்கும் பிழை. அடக்கக் கணக்குத் தாள் தவறானது என்று இதற்குப் பொருளில்லை. கையிருப்புச் சரக்கை மதிப்பிடும்போது உற்பத்தி சார்ந்த மாறாத மேற்செலவையும், இயல்பான உற்பத்தித் திறனின் அடிப்படையில், சரக்கின் மீது ஏற்ற வேண்டும் என்று கணக்கியல் தரநிலைகளே கூறுகின்றன. ஆண்டுக் கணக்கை முடிக்கவும், நீண்டகால விலையை நிர்ணயிக்கவும் அந்தத் தாள் தேவை. வெவ்வேறு நோக்கத்துக்கு வெவ்வேறு செலவு என்ற கருத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் மாரிஸ் கிளார்க் 1923இல் மேற்செலவுகளைப் பற்றிய தம் நூலில் விரிவாக நிறுவினார்; ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னும் பல அலுவலகங்களில் ஒரே தாள்தான் எல்லாக் கேள்விக்கும் மேசைக்கு வருகிறது.

இனி மாறுவதை மட்டும் எழுதினால், வருமானப் பக்கத்தில் 8,000 பீஸுக்கு ₹11,60,000. செலவுப் பக்கத்தில் துணி, கூலி, பொருள்கள், மின்சாரம் சேர்ந்து பீஸுக்கு ₹123 வீதம் ₹9,84,000, அச்சுக் கூலி ₹48,000, ஸ்கிரீனும் லாரியும் ₹18,000, மொத்தம் ₹10,50,000. மாத மேற்செலவும் தற்செயலாக அதே தொகைதான் என்றாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆர்டரை ஏற்றால் நிறுவனத்தின் கையில் ₹1,10,000 கூடுதலாக மிஞ்சும். நஷ்டக் கணக்கு ₹1,70,000க்கும் இந்த ₹1,10,000க்கும் இடையே உள்ள ₹2,80,000, சரியாக 8,000 பீஸை ₹35ஆல் பெருக்கிய தொகை. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய மேற்செலவை அந்த ஆர்டரின் தலையில் வைத்ததன் விளைவு அது. செலவு ₹10,50,000ஐ 8,000ஆல் வகுத்தால் கிடைக்கும் ₹131.25, பேரம் பேசுபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய தரைவிலை. அதற்குக் கீழே போனால் ஏற்பதைவிட மெஷினைச் சும்மா வைத்திருப்பதே மேல்.

மாறும் செலவும் தொடர்புடைய செலவும் ஒன்றல்ல

மாறும் செலவைச் சேர், மாறாச் செலவை விடு என்று இதைச் சூத்திரமாகச் சுருக்கிவிடுவோர் உண்டு. மேலே உள்ள எளிய கணக்கில் அந்தச் சூத்திரம் சரியான விடையையே தரும். நடைமுறையில் அது இரு பக்கமும் தவறவிடும். தரக்கட்டுப்பாட்டுக்கு அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ₹22,000 சம்பளத்தில் ஓர் ஆளை வைக்க வேண்டியிருந்தால், அது பீஸ் எண்ணிக்கையோடு மாறாத செலவுதான். ஆனால் ஆர்டரை மறுத்தால் அந்த ஆள் தேவையில்லை என்பதால் முழுத் தொகையும் தொடர்புடையது. மறுபுறம், டெய்லர்கள் பீஸ்ரேட்டில் இல்லாமல் மாதச் சம்பளத்தில் இருந்து, வேலை இல்லாத நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு என்றால், தாளில் மாறும் செலவாக எழுதப்பட்டிருக்கும் ₹28இன் பெரும்பகுதி இந்த முடிவுக்குத் தொடர்பற்றதாகிவிடும். ஆகவே கூலி தொடர்புடையதா என்ற கேள்விக்கு, அந்த ஆலையின் கூலி ஏற்பாடு என்ன என்று தெரியாமல் பதில் சொல்ல இயலாது.

மின்கட்டணமும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. இ.பி. பில்லில் அனுமதிக்கப்பட்ட பளுவின் அடிப்படையில் வரும் நிலைக்கட்டணமும், ஓடிய யூனிட்டுக்கான கட்டணமும் தனித்தனியே இருக்கும். பின்னதே ஆர்டரோடு கூடும். மொத்த பில்லை மொத்த பீஸால் வகுத்து எழுதும் வழக்கம் இருந்தால், சேரக்கூடாத நிலைக்கட்டணமும் பீஸ் கணக்கில் நுழைந்துவிடும். மெஷின் தேய்மானத்தைப் பொறுத்தவரை, மெஷினுக்குக் கொடுத்த விலை மூழ்கியதுதான். ஆனால் கூடுதலாக ஓடுவதால் ஊசியும் பெல்ட்டும் முன்னதாக மாற்ற நேர்ந்தால் அந்த உபயோகத் தேய்வு தொடர்புடையது. தையல் மெஷினில் இது சிறு தொகை. அச்சும் வார்ப்பும் செய்யும் தொழில்களில், டை எத்தனை அடிக்குத் தாங்கும் என்பதே கணக்கின் மையமாகிவிடும்.

சாம்பிள் செலவு இன்னொரு வகைக் குழப்பத்தை உண்டாக்குகிறது. வியாபாரி கேட்டபடி பேட்டர்ன் வெட்டி, சாம்பிள் தைத்து, சாயம் போகிறதா என்ற சோதனையும் செய்து நிறுவனம் ₹25,000 செலவிட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் நாளில் அந்த ₹25,000 மூழ்கிவிட்டது. அதை ஆர்டரின் செலவில் சேர்த்து மறுப்பதும் தவறு, ‘இவ்வளவு செலவு செய்தாயிற்றே’ என்று தரைவிலைக்குக் கீழே இறங்கி ஏற்பதும் அதே தவறுதான். ஆனால் சாம்பிள் செய்யலாமா என்று யோசித்த நாளில் அதே தொகை இன்னும் செலவாகவில்லை. அன்றைக்கு அது முழுக்கத் தொடர்புடையது. ஒரு செலவு மூழ்கியதா இல்லையா என்பதை அதன் பெயரை வைத்துச் சொல்ல முடியாது, எந்தத் தேதியில் நின்று பார்க்கிறோம் என்பதை வைத்தே சொல்ல முடியும்.

குடோனில் கிடக்கும் துணி

மூழ்கிய செலவு பற்றிய தவறு மிக அதிகமாக நடப்பது பழைய கையிருப்பில்தான். மேற்படி நிறுவனத்தின் குடோனில், சென்ற ஆண்டு ரத்தான ஓர் ஆர்டருக்காகச் சாயம் போட்ட துணி 600 கிலோ கிடக்கிறது என்றும், கணக்குப் புத்தகத்தில் அது கிலோ ₹400 வீதம் ₹2,40,000 என்று நிற்கிறது என்றும் கொள்ளலாம். அந்த நிறம் வழக்கமான வாடிக்கையாளர் எவருக்கும் வேண்டாம்; புதிய வியாபாரியோ 3,000 பீஸை அந்த நிறத்திலேயே எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறார். 3,000 பீஸுக்கு வேண்டியது சரியாக 600 கிலோ. இப்போது அந்தத் துணிக்கு என்ன விலை போடுவது?

கணக்குப் புத்தகத்தில் உள்ள ₹2,40,000 மூழ்கியது. துணியைத் தைத்தாலும் கிடப்பில் போட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அதற்காகத் துணி இலவசம் என்று எழுதுவதும் சரியாகாது. ஆர்டருக்குப் பயன்படுத்தாவிட்டால் அந்தத் துணியை வேறு என்ன செய்ய முடியும் என்பதே கேள்வி. லாட்டாக வாங்கும் வியாபாரி கிலோ ₹150க்கு எடுத்துக்கொள்வார் என்றால், அதைத் தைக்கும்போது கைவிட்டுப்போவது ₹90,000. இப்படி, ஒரு வளத்தை ஒரு வழியில் பயன்படுத்துவதால் இழக்கப்படும் அடுத்த சிறந்த பயனின் மதிப்பை வாய்ப்புச் செலவு என்பர்; எந்தப் பில்லிலும் வராத இந்தச் செலவு தொடர்புடைய செலவின் ஒரு பகுதியே. ஆக, துணிச் செலவில் ₹2,40,000க்குப் பதில் ₹90,000 இடும்போது ஆர்டரின் மொத்தச் செலவு ₹10,50,000இலிருந்து ₹9,00,000 ஆகக் குறைகிறது, தரைவிலை ₹131.25இலிருந்து ₹112.50க்கு இறங்குகிறது, வியாபாரி தரும் ₹145க்கு மிச்சம் ₹2,60,000.

இதே துணி வழக்கமான ஆர்டர்களுக்கும் பயன்படும் வெள்ளையாக இருந்தால் விடை தலைகீழாகும். இன்று அதை எடுத்துத் தைத்துவிட்டால் அடுத்த வாரம் அதற்கு ஈடாக வாங்கியாக வேண்டும். இதற்கிடையே துணி கிலோ ₹440 ஆகிவிட்டிருந்தால், தொடர்புடைய செலவு 600 கிலோவுக்கு ₹2,64,000. கணக்குப் புத்தகத்தில் ₹2,40,000 இருப்பதால் ‘பழைய விலைத் துணிதானே’ என்று மலிவாக விலை சொல்லும் நிறுவனம், தெரியாமலேயே ₹24,000த்தை வாங்குபவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறது. விலை ஏறும் காலத்தில் இந்தப் பிழை மகிழ்ச்சியோடு செய்யப்படுவதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

கிலோ ₹400 கொடுத்து வாங்கியதை ₹150க்கு மதிப்பிட உரிமையாளருக்கு மனம் வராமல் இருப்பது இயல்பு. உளவியலாளர்கள் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச் சீட்டை வாங்கியவர்களுள் சிலருக்கு எதிர்பாராத தள்ளுபடி தந்து பார்த்தபோது, முழு விலையும் கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் தள்ளுபடி பெற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தனர். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே சீட்டு. கொடுத்துவிட்ட பணம் மட்டும் வேறு. குடோன் துணியின் விஷயத்தில் இந்த மனப்போக்கோடு கணக்குப் புத்தகமும் சேர்ந்துகொள்கிறது: துணியை ₹150க்கு விற்றால் அந்த மாதக் கணக்கில் நஷ்டம் கண்ணுக்குத் தெரியும், விற்காமல் வைத்திருந்தால் தெரியாது. அடக்கத்துக்கும் விற்றால் கிடைக்கும் நிகர மதிப்புக்கும் இடையே எது குறைவோ அதில்தான் கையிருப்பை மதிப்பிட வேண்டும் என்ற கணக்கியல் விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால், அந்த நஷ்டம் ஆர்டர் ரத்தான ஆண்டிலேயே எழுதப்பட்டிருக்கும். இன்றைய முடிவின் மீது அதன் நிழல் விழுந்திருக்காது.

உற்பத்தித் திறன் நிரம்பும்போது

இதுவரை சொன்னதெல்லாம் 10,000 பீஸுக்கு இடம் காலியாக இருக்கிறது என்பதை வைத்துச் சொன்னவை. வியாபாரி 8,000க்குப் பதில் 12,000 பீஸ் கேட்டால், குடோன் துணியை விட்டுவிட்டு முழுவதும் புதுத் துணியில் கணக்கிடும்போது, என்ன நடக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். ஒரு பீஸுக்கு ₹145இலிருந்து ₹123உம் அச்சுக் கூலி ₹6உம் போக மிஞ்சுவது ₹16. முதல் 10,000 பீஸ் காலியிடத்தில் அடங்கிவிடும். தனிச் செலவு ₹18,000 போக அவற்றால் கிடைப்பது ₹1,42,000. மீதி 2,000 பீஸுக்கு இரண்டு வழிகள் உள்ளன. வழக்கமான ஆர்டரில் 2,000 பீஸைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொன்றுக்கும் ₹180இலிருந்து கமிஷன் ₹9உம் மாறும் செலவு ₹123உம் போக வரவேண்டிய ₹48 இழப்பாகும். அல்லது கூடுதல் நேரம் வேலை வாங்கலாம். கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியைப்போல் இருமடங்கு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த அளவைக் கொண்டால், பீஸுக்கு ₹28 கூடுதலாகும்.

இரண்டில் மலிவான கூடுதல் நேரத்தைத் தேர்ந்தாலும் அந்த 2,000 பீஸ் ஒவ்வொன்றிலும் ₹16 வந்து ₹28 போகிறது. ₹12 வீதம் ₹24,000 குறைந்து மொத்த மிச்சம் ₹1,18,000 ஆகிறது. வழக்கமான ஆர்டரை விட்டுக்கொடுத்தால் ₹78,000தான். 12,000 பீஸ் ஆர்டர் 10,000 பீஸ் ஆர்டரைவிட மோசமானது என்ற இந்த முடிவு சராசரியைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனெனில் மொத்தக் கணக்கு அப்போதும் லாபத்தையே காட்டுகிறது. வியாபாரியிடம் 10,000 பீஸ் மட்டும் ஏற்பதாகவோ, மிச்ச 2,000ஐ அடுத்த மாதம் தருவதாகவோ, அவற்றுக்கு மட்டும் ₹157க்கு மேல் வேண்டும் என்றோ பேசுவதற்கான எண் இந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது.

காலியாக இருக்கும் திறனை அளக்கும்போது தையல் மெஷின்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுவது வழக்கம். தையலில் இடம் இருந்து, அயர்னிங்கிலோ செக்கிங்கிலோ இடம் இல்லாவிட்டால், வழக்கமான ஆர்டர்தான் தாமதமாகும். ஆடை அனுப்பும் தேதி தவறி, கப்பலில் போக வேண்டியதை விமானத்தில் அனுப்ப நேரும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு, அந்த ஒரு சரக்குக் கட்டணம் சிறப்பு ஆர்டரின் மிச்சம் முழுவதையும் தின்றுவிடக்கூடும்.

ஆர்டருக்கு வெளியே விழும் செலவு

கடன் தவணை பீஸ் கணக்கில் வராத செலவுகளில் முதலாவது. வழக்கமான வாடிக்கையாளரிடம் எப்படியோ, இந்த வியாபாரி 3 மாதம் கழித்துத்தான் பணம் தருவார் என்றால், ஆர்டருக்காகப் போட்ட ₹10,50,000க்கு ஆண்டுக்கு 12% வட்டியில் ₹31,500 ஆகும். முதலில் கண்ட ₹1,10,000 அப்போது ₹78,500. அறிமுகமில்லாதவரிடம் முன்பணம் வாங்குவதைப் பற்றிப் பேரத்தின் கடைசியில் பேசுவதைவிட, விலையோடு சேர்த்தே பேசுவது நல்லது. பணமே வராமல் போனால் இழப்பது மிச்சமான ஒரு லட்சத்தை மட்டுமல்ல, போட்ட பத்தரை லட்சத்தையும் சேர்த்து.

அதைவிடப் பெரியது, குறைந்த விலை வெளியே கசிவது. வழக்கமான வாடிக்கையாளர்கள் ₹145ஐக் கேள்விப்பட்டு, விலையில் ₹5 மட்டும் குறைக்கச் செய்தால், கமிஷன் குறைவதைக் கழித்தும் 30,000 பீஸில் மாதம் ₹1,42,500 போய்விடும். ஒரு மாதத்திலேயே சிறப்பு ஆர்டரின் மிச்சம் கரைந்து, அடுத்த மாதங்களிலும் இழப்பு தொடரும். இந்த இழப்பும் ‘ஏற்றால் மாறுவது’தான் என்பதால் தொடர்புடைய செலவிலேயே சேர வேண்டும், அதன் தொகை நிச்சயமில்லை என்பதற்காக அதைப் பூஜ்யமாக வைத்துவிடக் கூடாது. சிறப்பு ஆர்டர் வேறு சந்தைக்குப் போகிறதா, வேறு சின்னத்தில் போகிறதா, அதே சரக்கு மறுபடி உள்ளூர்க் கடைக்கு வந்து வழக்கமான வாடிக்கையாளரின் சரக்கோடு போட்டியிடுமா என்பவற்றை விசாரித்து அறிவது கணக்குப் போடுவதைவிட முக்கியமான வேலை. ஏற்றுமதியில், உள்நாட்டு விலைக்குக் கீழே வெளிநாட்டில் விற்பது அங்குள்ள உற்பத்தியாளரைப் பாதித்தால், இறக்குமதி நாடு பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்க உலக வணிக விதிகள் இடம் தருகின்றன என்பதையும் பெரிய அளவில் விற்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

தொடர்புடைய செலவை வைத்து விலை சொல்லும் முறையின் உண்மையான ஆபத்து, ஒரு தடவைக்கான ஏற்பாடு பழக்கமாகிவிடுவதில் இருக்கிறது. நிறுவனம் முழுத் திறனில் 40,000 பீஸையும் ₹145க்கே, அச்சும் கமிஷனும் இல்லாமல் விற்றாலும், பீஸுக்கு ₹22 வீதம் ₹8,80,000தான் மிஞ்சும். மாத மேற்செலவோ ₹10,50,000. எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, மாதம் ₹1,70,000 நஷ்டப்படும் ஆலை அது. வழக்கமான 30,000 பீஸ் ₹48 வீதம் ₹14,40,000 கொண்டுவந்து மேற்செலவைத் தாங்குவதால்தான் சிறப்பு ஆர்டரின் மேற்செலவுப் பங்கைக் கணக்கிலிருந்து விட முடிகிறது. அதே வியாபாரி மூன்றாம் மாதமும் அதே விலையில் வந்தால், மெஷினை மாற்றுவதும் கட்டடத்தை விரிப்பதும் அந்த ஆர்டரைப் பொறுத்த முடிவுகளாகத் தொடங்குகின்றன. அப்போது மாறாச் செலவு என்று ஒதுக்கியவை ஒவ்வொன்றாகத் தொடர்புடையவையாகும். ஆகவே விலைக் கடிதத்தில் அளவு, அனுப்பும் தேதி, இந்த விலை இந்த அளவுக்கு மட்டுமே பொருந்தும் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

ஆர்டர் அனுப்பி முடிந்த மாதத்தின் கணக்கை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த வேலையின் பகுதியே. மாறாது என்று விடப்பட்ட மேற்செலவு ₹10,50,000இலேயே நிற்கிறதா என்று தலைப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். அது ₹10,90,000 ஆகியிருந்தால், அந்த ₹40,000 இரவு வாட்ச்மேனுக்கா, டெய்லர்களை அழைத்துவந்த வேனுக்கா, அனுமதித்த பளுவைத் தாண்டியதற்கு மின்வாரியம் போட்ட கூடுதல் கட்டணத்துக்கா என்று கண்டறிந்து, அடுத்த சிறப்பு ஆர்டருக்கான கணக்கில் பீஸ் செலவுகளுக்குக் கீழே தனி வரியாக எழுதிவைக்க வேண்டும்.